மசூரியும் பொன்னியும்: ஒரு நெல் ரகத்தின் பெயர் வழக்கு

கெப்பாலா பத்தாஸ் மளிகைக் கடைகளில் இந்தியாவிலிருந்து இறக்குமதியான பொன்னி புழுங்கல் அரிசி மூட்டை இருக்கும். இட்லிக்கும் சோற்றுக்கும் இங்குள்ள தமிழர்கள் விரும்பி வாங்குவது அதைத்தான். தமிழ்நாட்டு அரிசி என்றே எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்த அரிசியின் மூல ரகம் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இதே வட செபராங் பிறை வட்டாரம்தான். கெப்பாலா பத்தாஸிலிருந்து சில மைல் தொலைவில் இருக்கும் பும்போங் லீமா நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்தது அதன் கதை. இங்கிருந்து 'மசூரி' என்ற பெயரில் புறப்பட்டுப் போன நெல், தமிழ்நாட்டில் 'பொன்னி' ஆகி, அரிசியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு நெல்லுக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதில் புதுமை இல்லை. ஆனால் அந்தப் பெயர்களில் எது செல்லும், எது செல்லாது என்று தீர்மானிக்க எழுதப்பட்ட விதிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒரைசா சடைவா என்ற இனப்பெயருக்கு ஒரு சட்டம். 'மசூரி' என்ற ரகப்பெயருக்கு வேறொரு சட்டம். இரண்டும் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள மசூரியை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை.

முதலில் அந்த நெல் பிறந்த விதம். 1950-களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய கலப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நெல்லில் இண்டிகா, ஜப்போனிகா என்று இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காலங்காலமாக விளைந்தவை பெரும்பாலும் இண்டிகா. அவை உயரமாக வளரும்; உரம் அதிகம் போட்டால் சாய்ந்துவிடும். ஜப்பானிலும் தைவானிலும் விளைந்த ஜப்போனிகா வகைகள் உரத்தை ஏற்று நல்ல மகசூல் தரும். இரண்டையும் கலந்து, கிடைக்கும் விதைகளை ஒவ்வொரு நாட்டுக்கும் அனுப்பி, அந்தந்த மண்ணுக்கு ஏற்றதை அங்கேயே பொறுக்கி எடுப்பது என்பது ஏற்பாடு. நூற்றுக்கணக்கான கலப்புகள் நடந்தன. வயலில் நிலைத்து நின்ற ரகங்கள் மிகச் சில. அவற்றில் இரண்டு மலாயாவில் உருவானவை: மலிஞ்சா, மசூரி. இன்னொன்று தஞ்சை மாவட்டத்து ஆடுதுறை நிலையத்தின் ஏ.டி.டி. 27.

மசூரியின் பெற்றோரில் ஒன்று தைவானின் ஜப்போனிகா ரகமான 'தைச்சுங் 65'. மற்றொன்று மலாயாவின் இண்டிகா ரகமான 'மாயாங் எபோஸ் 80'. கலப்பில் வந்த விதையைக் கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஜப்பானிய வல்லுநர்களும் மலாயா விவசாய இலாகாவினரும் இங்கே விதைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் நெல். பழைய உள்ளூர் ரகங்களில் பல, பகல் குறையும் பருவத்தில்தான் பூக்கும். மாற்றுப் போகத்தில் விதைத்தால் கதிர் விடுவதற்குள் காலம் ஓடிவிடும். புதிய கலப்பில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1965-இல் ரகம் வெளியிடப்பட்டபோது, லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் மசூரி என்ற பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார்கள். நடுத்தர நீளமும் மெல்லிய வடிவமும் கொண்ட அரிசி, உண்ணச் சுவையானது. குறையும் உண்டு. பயிர் உயரமானது, காற்றடித்தால் சாயும்.

இனிப் பெயர்களின் சட்டத்துக்கு வருவோம்.

ஒரைசா சடைவா என்பது இனப்பெயர். 1753-இல் லின்னேயஸ் தம் நூலில் வெளியிட்டது. காட்டுத் தாவரம், வயல் தாவரம் என்ற பேதம் பார்க்காமல் எல்லாத் தாவரங்களுக்கும் பொருந்தும் தாவரவியல் பெயரிடல் நெறிமுறை இதை ஆள்கிறது. இனப்பெயர் லத்தீன் வடிவில் இருக்க வேண்டும். அச்சில் சாய்வெழுத்தில் வரும். ஒவ்வொரு இனப்பெயரும் ஏதாவது ஓர் உலர்தாவர மாதிரியோடோ படத்தோடோ கட்டப்பட்டிருக்கும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். அந்த மாதிரி எந்த இனத்துக்குள் விழுகிறதோ அந்த இனத்துக்கு அந்தப் பெயர். இனத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அறிவியலாளர்களின் கருத்தைப் பொறுத்தது. கருத்து மாறினால் பெயரும் மாறலாம். வீட்டுத் தொட்டிகளில் நாம் வைக்கும் சான்செவியேரியாவை அண்மையில் டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். செடி அப்படியே இருக்கிறது, பேரினப் பெயர் போய்விட்டது.

ரகப்பெயர் இப்படி ஆடுவதற்கு இல்லை. விதை வாங்குகிறவன் வாங்குவது ஒரு குறிப்பிட்ட பயிரை. அது எத்தனை நாளில் விளையும், எவ்வளவு உயரம் போகும், அரிசி எப்படி இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தேவை. அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1923-இல் இப்படிப்பட்ட பயிர்த் தொகுதிக்குக் 'கல்டிவார்' என்ற சொல்லை உருவாக்கினார். நம் விவசாயிகள் ரகம் என்று சொல்வதும் இதைத்தான். 1953-இல் பயிரிடப்படும் தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் நெறிமுறை முதன்முதலாக வெளிவந்தது. அதன் வரையறையில் ரகம் என்பதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும். செடிக்குச் செடி ஒரே சீராக இருக்க வேண்டும். உரிய முறையில் பெருக்கும்போது அந்தக் குணங்கள் அப்படியே தொடர வேண்டும். உரிய முறை என்பது பயிருக்குப் பயிர் மாறும். டுரியானுக்கு ஒட்டுக் கட்டுவது, நெல்லுக்கு விதை.

இதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு பிறக்கிறது. இனத்துக்கு வம்சமே அடிப்படை. ரகத்துக்குக் குணமே அடிப்படை. ஒரே கலப்பில் பிறந்த இரண்டு தேர்வுகள், குணத்தால் வேறுபட்டால் இரண்டு ரகங்கள். வெவ்வேறு வழிகளில் வந்த செடிகள் குணத்தால் பிரிக்க முடியாதவையாக இருந்தால் அவை ஒரே ரகம் என்று எண்ணப்படும். பெற்றோர் பெயரை மட்டும் வைத்து ரகத்தைத் தீர்மானிக்க முடியாது. பொன்னி வழக்கில் இது முக்கியமாகும்.

எழுதும் முறையும் வேறு. ரகப்பெயர் சாய்வெழுத்தில் வராது. ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும், லத்தீன் எழுத்தில் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். அதற்கு முன்னால் முழு இனப்பெயரும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரைசா சடைவா 'மசூரி' என்று எழுதலாம். ஒரைசா 'மசூரி' என்று பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். குழப்பம் வராத இடத்தில் நெல் 'மசூரி' என்று பொதுப்பெயரோடும் எழுதலாம். மூன்றும் ஒரே ரகத்தின் சரியான பெயர்களே. இந்தத் தாராளம் மசூரிக்கு மிகவும் தேவைப்படுகிறது. அது இண்டிகாவுக்கும் ஜப்போனிகாவுக்கும் பிறந்த பிள்ளை. தாவரவியல் துணையினங்களில் எதன் கீழ் வைப்பது என்ற கேள்வி எழும். ரகப்பெயருக்கு அந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை. சான்செவியேரியாவின் மஞ்சள் ஓர ரகமான 'லாரன்ட்டி', பேரினம் மாறியபோது டிரசீனா 'லாரன்ட்டி' என்று பெயரை மாற்றாமல் இடம் பெயர்ந்ததும் இதனால்தான்.

'லாரன்ட்டி' லத்தீன் வடிவில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பழைய பெயர். 1959 ஜனவரி 1-க்குப் பிறகு வரும் புதிய ரகப்பெயர்கள் லத்தீன் வடிவில் இருக்கக் கூடாது என்பது விதி. பார்த்த மாத்திரத்தில் இது இனப்பெயர், இது ரகப்பெயர் என்று தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அதே நாளிலிருந்து இன்னொரு நிபந்தனையும் வந்தது: பெயரோடு ரகத்தின் விவரிப்போ, பழைய விவரிப்பொன்றைச் சுட்டும் குறிப்போ நாளிட்ட ஒரு வெளியீட்டில் வர வேண்டும். அந்த வெளியீடு பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து அறிவிப்பதோ, தோட்டத்தில் அட்டை எழுதிக் குத்தி வைப்பதோ பெயரை நிலைநாட்டாது. பெயரின் நீளம் இடைவெளி நீங்கலாக 30 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஒரு பெயர், பொதுவாக ஒரு பேரினத்துக்குள், ஒரு முறைதான் பயன்படலாம்; இந்த எல்லைக்குப் பெயர் வகுப்பு என்று பெயர். நெல்லில் ஒரு 'மசூரி' இருந்துவிட்டால் இன்னொரு நெல்லுக்கு அந்தப் பெயர் கிடையாது. மாம்பழத்துக்கு வைக்கத் தடையில்லை.

இந்த விதிகளில் பொன்னி வழக்குக்கு நேரடியாக வேண்டியது முந்துரிமை. ஒரு ரகத்துக்கு முறைப்படி முதலில் நிலைநாட்டப்பட்ட பெயரே ஏற்கப்பட்ட பெயர். அதே ரகத்துக்குப் பிறகு யார் எந்தப் பெயர் வைத்தாலும் அவை மறுபெயர்கள்.

மசூரி இங்கிருந்து வெகுதூரம் பயணம் செய்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவில் பரவியது. நேபாளத்தில் அதை மசூலி என்றார்கள். வங்கத்தில் அது 'பாஜம்' ஆனது. பாகிஸ்தான், ஜப்பான், மலேசியா ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தது அந்தப் பெயர். ஆந்திரத்தில் மசூரி என்றே நிலைத்தது. தமிழ்நாட்டில் காவிரியின் பெயரைத் தாங்கிப் 'பொன்னி' ஆனது. நெல் ஆராய்ச்சி எழுத்துகளில் தமிழ்நாட்டில் பொன்னி எனப்படும் மசூரி என்ற குறிப்பைப் பரவலாகக் காணலாம். அப்படியானால் தீர்ப்பு எளிது. 'மசூரி' 1965-இன் பெயர். ஏற்கப்பட்ட பெயர் அதுவே. 'மசூலி'யை அதே பெயரின் உச்சரிப்பு வேறுபாடாகக் கொள்ளலாம். 'பாஜம்', 'பொன்னி' இரண்டும் மறுபெயர்கள். இது ஒரு பக்கத்து நியாயம் மட்டுமில்லை. மலேசியாவும் இதையே செய்திருக்கிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8-ஐ இங்கே 'ரியா' என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். அதே நெறிமுறையில் 'ரியா'வும் மறுபெயர்தான்.

ஆனால் இன்று தமிழ்நாட்டு வயல்களில் நிற்பது பெரும்பாலும் அந்தப் பழைய பொன்னி இல்லை. 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. பெற்றோர் பட்டியலைப் பார்த்தால் அதே 'தைச்சுங் 65', அதே 'மாயாங் எபோஸ் 80'. அதை வைத்து இதுவும் மசூரியே என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. மேலே சொன்னபடி வம்சம் ஒன்றாக இருப்பது போதாது. தூய வழித் தேர்வு என்ற முறையில், ஏற்கனவே வயலில் இருக்கும் ஒரு ரகத்திலிருந்து வேறுபட்ட கதிர்களைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையில் விதைத்து, சீராக நிற்கும் வரிசையைப் பெருக்குவார்கள். அப்படி எடுத்தது மூல ரகத்திலிருந்து பிரித்தறியும்படி இருந்தால் அது புதிய ரகம். புதிய பெயருக்கு உரிமை உண்டு. பிரித்தறிய முடியாவிட்டால் அது பழைய ரகத்தின் சுத்தமான விதை, அவ்வளவே. பெயர் பழையதாகவே இருக்க வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒரே நாளில் நட்டு, ஒரே உரம், ஒரே நீர் கொடுத்து வளர்க்க வேண்டும். இந்தியாவில் நெல் ரகப் பாதுகாப்புக்கான சோதனையில் 62 குணங்களைப் பதிவு செய்கிறார்கள். இலையுறையின் நிறம், இலையின் மயிர்த்தன்மை, பாதிப் பயிர் கதிர் வெளிவரும் நாள், தண்டின் நீளம், கதிர் வளையும் விதம், நெல்முனையின் நிறம், உமியின் நிறம், உமி நீக்கிய அரிசியின் நீள அகலம் என்று அந்தப் பட்டியல் போகும். ஒவ்வொன்றும் பயிரின் குறிப்பிட்ட வளர்ச்சிக் கட்டத்தில் பார்க்க வேண்டியது. ஒரு குணத்தில் தெளிவான, ஒவ்வொரு முறையும் திரும்ப வரும் வேறுபாடு இருந்தால் போதும், ரகம் வேறு. அதே பாத்தியில் செடிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நின்றால் சீர்மை இல்லை. கலப்பட விதை என்று பொருள். விவசாயிகள் கைமாற்றிக் கைமாற்றி விதைத்த ரகங்களில் இது சாதாரணமாக நடக்கும். அப்போது எந்தப் பெயரும் அந்த விதைக்குப் பொருந்தாது. மரபணுச் சோதனை துணைக்கு வரும். ஆனால் நெறிமுறை ரகத்தைக் குணங்களால் வரையறுப்பதால் முதற்சாட்சி வயல்தான்.

இந்த இடத்தில் ரகப்பெயரின் ஒரு பலவீனத்தைச் சொல்ல வேண்டும். இனப்பெயருக்கு வகைமாதிரி கட்டாயம். ரகத்துக்குச் செந்தர மாதிரி ஒன்றை உலர்தாவரக் காப்பகத்தில் வைக்கும்படி நெறிமுறை பரிந்துரைக்கிறதே தவிர கட்டாயப்படுத்தவில்லை. 1965-இன் மசூரி எப்படி இருந்தது என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் விதை வங்கியைத்தான் நாட வேண்டும். நல்ல வேளையாக அது தொலைவில் இல்லை. மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டு நிலையமான மார்டியின் செபராங் பிறை நிலையம் கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது. நாட்டின் நெல் விதை வங்கி அங்கேதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரறையில் காக்கப்படுகின்றன. மசூரியின் பெயர் வழக்குக்குச் சாட்சி சொல்லத் தகுந்த விதை அப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும்.

பொன்னியின் பெயர்களில் இன்னொரு சிக்கல் 'மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி'. புதிய ரகப்பெயருக்குள் ரகம், கலப்பு, தேர்வு, மேம்படுத்தப்பட்ட என்ற பொருள் தரும் சொற்கள் எந்த மொழியிலும் வரக் கூடாது என்று நெறிமுறை இன்று சொல்கிறது. காரணம் நியாயமானது. எதை விட மேம்பட்டது என்று பெயர் சொல்லாது. பத்தாண்டு கழித்து அதையும் மேம்படுத்தினால் என்ன பெயர் வைப்பது? மேலும் விதைக் கடையில் அந்த அடைமொழி முதலில் உதிர்ந்துவிடும். 'மேம்படுத்தப்பட்ட' என்பது போய் வெள்ளைப் பொன்னி ஆகி, பிறகு வெறும் பொன்னி ஆகிவிடும். மூன்று வேறு விதைகள் ஒரே சொல்லுக்குள் புகுந்துகொள்ளும். ஐதராபாத்தில் பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும்படி உருவாக்கிய 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி'க்கும் இதே குறை உண்டு. அதற்கு ஆர்.பி. பயோ 226 என்ற எண்ணும் இருப்பதால் பிரித்தறிய வழி இருக்கிறது. அரசு வெளியீட்டிலோ சட்டப் பதிவிலோ நிலைத்துவிட்ட பெயரை யாரும் அழிக்கப் போவதில்லை. இனி வைக்கும் பெயர்களிலாவது இந்த அடைமொழியைத் தவிர்க்கலாம்.

சம்பா மசூரி என்றதும் தமிழ்நாட்டுச் சந்தையின் பெரிய குழப்பம் நினைவுக்கு வருகிறது. ஆந்திரத்தின் பாபட்லா நிலையம் 1986-இல் வெளியிட்ட பி.பி.டி. 5204 தான் சம்பா மசூரி. மசூரி அதன் பெற்றோரில் ஒன்று. ஆனால் பயிர் குட்டையானது, அரிசி இன்னும் மெல்லியது. சந்தேகத்துக்கு இடமின்றி வேறு ரகம். தமிழ்நாட்டு வியாபாரிகளும் விவசாயிகளும் அதை 'ஆந்திரா பொன்னி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். மென்மையான சன்ன அரிசி எல்லாம் பொன்னி என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது. பொன்னி முதலில் ஒரு ரகத்தின் மறுபெயராக இருந்தது. பிறகு சந்தையில் ஓர் அரிசித் தரத்தின் பெயராக விரிந்துவிட்டது. தரத்தின் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட முடியாது.

அதற்கும் அடுத்த கட்டம் வணிக முத்திரை. மலேசியாவில் ஓர் அரிசி நிறுவனம் பொன்னி என்ற சொல்லைத் தன் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது. அதை நீக்கக் கோரி இந்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடா மலேசிய நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றங்கள் முத்திரைச் சட்டத்தின்படி பார்ப்பவை. பெயரிடல் நெறிமுறையின் பார்வை தெளிவானது: ரகப்பெயர் எல்லோருக்கும் பொது. அந்த ரகத்தை விற்கிற எவரும் அந்தப் பெயரைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். முத்திரை ஒருவருக்கு மட்டும் உரியது. ஆகவே ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்ய முடியாது. முத்திரை வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனம் அதைத் தனியே, மேற்கோள் குறி இல்லாமல் அச்சிட்டு, பக்கத்தில் ரகப்பெயரைத் தெளிவாகத் தர வேண்டும். என் கருத்தில் பொன்னியை முத்திரையாக்கியது தவறு. அந்தச் சொல் எந்த நிறுவனமும் தொடுவதற்கு முன்பே லட்சக்கணக்கான விவசாயிகளின் வாயில் ஒரு நெல்லைக் குறித்துக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு விதி உண்டு. ரகப்பெயரை வேறு எழுத்தில் எழுதலாம்; பெயர் மாறாது. மொழிபெயர்க்கக் கூடாது. ஆகவே தமிழிலோ ஜாவியிலோ சீனத்திலோ 'மசூரி' என்று எழுதினால் அது அதே பெயர். டுரியான் வியாபாரத்தில் இந்த விதி எவ்வளவு தேவை என்று பினாங்கு மக்களுக்குத் தெரியும். விவசாய இலாகா டி 175 என்று பதிந்த மரத்தின் பழம் உடாங் மேரா என்றும், ஹொக்கியனில் ஆங் ஹே என்றும் விற்கிறது. இரண்டும் சிவப்பு இறால் என்ற ஒரே பொருளை இரு மொழியில் சொல்கின்றன. பதிவு எண் இருப்பதால் ஒட்டுக்கன்று வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்கிறார். மார்டியும் பின்னாளில் எம்.ஆர். 219 போன்ற எழுத்து எண் பெயர்களுக்குப் போனது. விதிப்படி அவை முழுமையான ரகப்பெயர்கள். மனத்தில் நிற்காது என்பார்கள். ஆனால் அவற்றை மொழிபெயர்க்கவோ, பக்கத்து ஊரின் பெயரைச் சேர்த்து 'ஆந்திரா எம்.ஆர். 219' என்று நீட்டவோ யாருக்கும் தோன்றாது.

எனவே கெப்பாலா பத்தாஸ் கடையில் நிற்கும் மூட்டையைப் பற்றிச் சொல்லக்கூடியது இது. அதில் பொன்னி என்று மட்டும் அச்சிட்டிருந்தால், உள்ளே இருப்பது பழைய மசூரியா, வெள்ளைப் பொன்னியா, பி.பி.டி. 5204-ஆ என்று எவராலும் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. விளைந்த மாநிலத்தையும் ஆலையின் பெயரையும் அச்சிடுகிற இறக்குமதியாளர்கள் நெல் ரகத்தின் பெயரையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும். வாங்குகிற நாம் அதைக் கேட்க வேண்டும். அது மூல ரகமாக இருந்தால் அந்த வரியில் இருக்க வேண்டிய பெயர் 'மசூரி'.